படுக்கையில் மொபைல்: ஒரு கண் இருட்டான கதையும் மூன்று செட்டிங்ஸும்

போன ஆடி மாசம் ஒரு ராத்திரி. மணி பன்னிரண்டு இருக்கும். கால்டுவெல் 1881-ல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றின் ஸ்கேன் பி.டி.எஃப்.பை மொபைலில் படித்துக்கொண்டிருந்தேன். பாளையக்காரர்கள் பகுதி. எங்க ஊர் கடையநல்லூரைச் சுற்றியுள்ள இடங்கள் வரிசையாக வந்ததால் மூடி வைக்க மனசு வரவில்லை. பக்கத்தில் வீட்டம்மா தூங்கிக்கொண்டிருந்ததால் லைட்டை அணைத்துவிட்டு, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தேன்.

தண்ணீர் குடிக்க எழுந்தேன். இடது கண்ணில் ஜன்னல், பீரோ, வாசல் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. வலது கண்ணில் ஒன்றுமே இல்லை. கையால் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தால் கும்மிருட்டு. உடம்பு சில்லிட்டுப் போச்சு. "ஏங்க, என்னாச்சு? லைட்டப் போடட்டுமா?" என்று அவள் எழுந்து ஸ்விட்சைப் போட்டதும் இரண்டு கண்ணும் சரியாகத் தெரிந்தது.

அந்த வாரமே கண் டாக்டரிடம் போனேன். பாப்பாவை விரிய வைத்து விழித்திரையைப் பார்த்தார். அது நன்றாக இருந்தது. பிறகு, "எப்படிப் படுத்துப் படிச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார்.

இதற்கு மருத்துவ உலகில் பதிவு இருக்கிறது. 2016-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் லண்டன் மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 40. இருவருக்கும் ஒரு கண் அவ்வப்போது சில நிமிடங்கள் தெரியாமல் போனது. பல பரிசோதனைகள் செய்தும் கோளாறு எதுவும் அகப்படவில்லை. கடைசியில் விசாரித்தபோது இருவருமே இருட்டில் ஒருக்களித்துப் படுத்து மொபைல் பார்ப்பவர்கள் என்று தெரிந்தது.

நடப்பது இதுதான். கீழே இருக்கும் கண்ணைத் தலையணை மறைத்துக்கொள்கிறது. அது இருட்டுக்குப் பழகிவிடுகிறது. மேலே இருக்கும் கண் ஸ்கிரீன் வெளிச்சத்துக்குப் பழகுகிறது. அதன் விழித்திரையில் உள்ள நிறமிகள் வெளிச்சத்தில் வெளுத்துப் போயிருக்கும். அவை மீண்டு வரச் சில நிமிடம் ஆகும். அதுவரை அந்தக் கண்ணுக்கு இருட்டறை வெறும் கருப்புதான். கண்ணுக்குக் கேடு எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இப்படிப் படுத்துப் படிக்காத நேரத்தில் ஒரு கண் மறைந்தால் கூகுளில் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அது வேறு விஷயமாக இருக்கலாம்.

இந்தப் பயத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. அதுவரை கண் எரிகிறது, நெற்றி வலிக்கிறது என்றால் நீல ஒளிதான் காரணம் என்று நினைத்து, நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகூட வாங்கிப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. என் ராத்திரிப் படிப்பில் பெரிய தொல்லை ஸ்கிரீனின் நிறம் இல்லை. அறைக்கும் ஸ்கிரீனுக்கும் இருக்கும் வெளிச்ச வித்தியாசம். இதை மனசில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செட்டிங்காக மாற்றிப் பார்த்தேன்.

முதலில் பிரைட்னஸ்

மங்கலான ஒரு பெட் லேம்ப் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் எவ்வளவு பிரகாசமாக இருக்கும்? புத்தகத்தின் மேல் 50 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது, தாள் அதில் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 50-ஐ 0.8-ஆல் பெருக்கி 3.14-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 13 நிட் வருகிறது. நிட் என்பது ஒரு பரப்பின் பிரகாசத்தை அளக்கும் அலகு. வெயிலில் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக மொபைல்கள் 500 நிட்டும் அதற்கு மேலும் போகும். அதை இருட்டில் பாதியில் வைத்தாலும் தாளைவிடப் பல மடங்கு பிரகாசம்.

கணக்கெல்லாம் போட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை மொபைலுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். ஸ்கிரீனில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஸ்கிரீன் விளக்கு மாதிரி எரிந்தால் அதிகம். தாளைவிடச் சாம்பலாகத் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் இடம்தான் சரி.

இந்தச் சோதனைக்கு அறையில் கொஞ்சமாவது வெளிச்சம் வேண்டும் அல்லவா? அதேதான் தீர்வும். கட்டிலுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன மஞ்சள் பல்பு போட்டிருக்கிறேன். அவள் கண்ணில் படாது. எனக்கு அறை முழு இருட்டாக இல்லை.

ஆட்டோ பிரைட்னஸை இதற்கு முழுசாக நம்ப முடியாது. சென்சார் பெரும்பாலும் ஸ்கிரீனின் மேல் பக்கம் இருக்கிறது. படுத்துக்கொண்டு பிடிக்கும்போது விரலோ போர்வையோ அதை மறைக்கும். அல்லது பின்னால் இருக்கும் பல்பு நேராக அதன் மேல் அடிக்கும். பக்கம் படித்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் ஏறி இறங்கினால் இதுதான் காரணம். நான் ராத்திரியில் அதை அணைத்துவிடுகிறேன்.

சில மொபைல்களில் ஸ்லைடரை அடிவரை இழுத்தாலும் இருட்டறைக்கு அதிகமாகவே இருக்கும். அதற்கென்றே ஆண்ட்ராய்டு 12 முதல் `Accessibility` பகுதியில் `Extra dim` இருக்கிறது. ஐபோனில் `Accessibility` → `Display & Text Size` → `Reduce White Point`. இவை விளக்கைக் குறைப்பதில்லை. படத்தின் நிறங்களையே மங்கலாக்குகின்றன. காலையில் அணைக்க மறந்துவிட்டு வெயிலில் எடுத்துப் பார்த்தால் ஸ்கிரீன் செத்துப்போன மாதிரி இருக்கும். நான் ஒருதடவை சர்வீஸ் சென்டர் வாசல்வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

குறைத்தும் தலை வலித்தால்

ஓ.எல்.ஈ.டி. ஸ்கிரீன்கள் பல, பிரைட்னஸைக் குறைக்க ஒரு தந்திரம் செய்கின்றன. ஒளியை உண்மையில் குறைக்காமல், வேகமாக அணைத்து அணைத்து எரிய விடுகின்றன. வினாடிக்கு 240 முறை என்பது பல மொபைல்களில் வழக்கம். ஸ்லைடர் கீழே போகப்போக அணைந்திருக்கும் நேரம் கூடும். பெரும்பாலோர் இதை உணர்வதில்லை. சிலருக்குத் தலைவலி வரும்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. இருட்டறையில், பிரைட்னஸை அடியில் வைத்து, வெள்ளைப் பக்கத்துக்கு முன்னால் ஒரு பேனாவை வேகமாக இடம் வலம் ஆட்டுங்கள். தொடர்ச்சியான மங்கல் தெரிந்தால் பிரச்சினை இல்லை. விசிறி மாதிரி தனித்தனியாகப் பல பேனா தெரிந்தால் ஸ்கிரீன் சிமிட்டுகிறது என்று அர்த்தம். அப்படியானால் ஸ்லைடரைக் கொஞ்சம் மேலே வைத்துவிட்டு, மிச்சத்தை `Extra dim` கொண்டு குறையுங்கள். என் மொபைலில் இதுதான் நெற்றி வலியைக் குறைத்தது.

டார்க் மோட்

அன்று ராத்திரி என் மொபைலில் டார்க் மோட் போட்டுத்தான் இருந்தது! மெனு எல்லாம் கருப்பு. பக்கம் மட்டும் வெள்ளை. ஸ்கேன் பி.டி.எஃப். என்பது எழுத்து அல்ல, படம். டார்க் மோட் அதைத் தொடாது. மதுரைத் திட்டத்தில் கிடைப்பது போன்ற யூனிகோட் உரை என்றால், படிக்கும் செயலி எழுத்தையும் பின்னணியையும் மாற்றிக் கொடுக்கும். ஸ்கேனுக்கு, பி.டி.எஃப். செயலியிலோ மொபைலிலோ நிறத்தைத் தலைகீழாக்கும் வசதியைப் போட வேண்டும்.

அதிலும் ஒரு வேடிக்கை. பழுப்பேறிய தாளின் நிறம் எண்ணில் (230, 215, 180) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் 255-லிருந்து கழித்தால் (25, 40, 75). அதாவது கருநீலம். பழைய புத்தகம் திடீரென்று நீலப் பலகையாக வந்து நிற்பது இதனால்தான். செயலியில் கருப்பு வெள்ளையாக்கும் வசதி இருந்தால் முதலில் அதைப் போட்டுவிட்டுத் தலைகீழாக்குங்கள்.

டார்க் மோட் எல்லாருக்கும் நல்லதும் இல்லை. கருப்புப் பின்னணியில் கண் பாப்பா விரிகிறது. விரிந்தால் கண்ணின் சின்னச் சின்னக் குறைகள் பெரிதாகத் தெரியும். சிதறல் பார்வை, அதாவது அஸ்டிக்மாட்டிசம் உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி வட்டம் கட்டும். 2013-ல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில் இளையவர், முதியவர் இரு சாராருமே வெள்ளைமேல் கருப்பு எழுத்தைத்தான் மேலாகப் படித்தார்கள். எழுத்து ஒளிர்ந்து மங்கினால் டார்க் மோடை விட்டுவிடுங்கள். வெள்ளைப் பக்கத்தையே மங்கலாக்கிப் படிக்கலாம். அல்லது அடர்சாம்பல்மேல் வெளிர்சாம்பல் எழுத்தை, அளவைக் கூட்டி வைக்கலாம். எனக்கு லேசான சிதறல் பார்வை உண்டு என்பதால் நான் முதல் வழியில்தான் படிக்கிறேன்.

நைட் லைட்

இது நிறத்தை மஞ்சளாக்கும், அவ்வளவுதான். பிரகாசத்தைக் கொஞ்சம் குறைப்பதால் இதமாக இருக்கும். கண் களைப்புக்கு நீல ஒளிதான் காரணம் என்பதை அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கமே ஏற்கவில்லை. தூக்கம் வேறு கேள்வி. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் 12 பேரைத் தூங்கும் முன் ஐபேடில் படிக்க வைத்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த நாட்களைவிடச் சராசரியாகப் பத்து நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள். ஆனால் அங்கே படித்தது நான்கு மணி நேரம், பிரைட்னஸ் உச்சத்தில். அதையும் சேர்த்துப் பார்த்தால் மறுபடி பிரைட்னஸில்தான் வந்து நிற்கிறோம். பிடித்தால் நைட் லைட்டைப் போடுங்கள். அதைப் போட்டுவிட்டோம் என்று பிரைட்னஸைக் கூட்டிவிடாதீர்கள்.

செட்டிங்கில் இல்லாதவை

இவ்வளவும் செய்தபின் நெற்றி வலி போனது. எரிச்சல் மட்டும் மிச்சம் இருந்தது. ஸ்கிரீனைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும், கண்ணீர்ப் படலம் காய்ந்துபோகும் என்று டாக்டர் விளக்கினார். அதோடு என் கட்டிலுக்கு நேர் மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேனை இரண்டில் வைத்தேன். நாற்பதைத் தாண்டியவனுக்கு வேண்டிய, படிக்கும் கண்ணாடியும் வந்தது. அதனால் மொபைலை மூக்குக்கு முன்னால் நீட்டி மடக்கி இழுப்பது நின்றது.

இப்போது பின்னால் மஞ்சள் பல்பு, தாளோடு ஒத்துப்போகும் பிரைட்னஸ், தலையணையை உயர்த்தி மல்லாந்து படுத்து இரண்டு கண்ணாலும் படிப்பு. கால்டுவெல் முடிந்துவிட்டார். தண்ணீர் குடிக்க எழுந்தால் பீரோ இரண்டு கண்ணிலும் தெரிகிறது.