வாடகை வீட்டு மின்கட்டணம்: கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டில் பல வாடகை வீடுகளில் வீட்டு உரிமையாளர்கள் யூனிட்டுக்கு 8, 9, 10 ரூபாய் என ஒரே விலையாக வாங்குகிறார்கள். மின்வாரியத்தின் கணக்கு அப்படி இல்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கப்படும். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும்.

2024 ஜூலையில் வந்த விகிதப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30. இரண்டு மாதத்தில் 300 யூனிட் ஓடிய வீட்டுக்கு 235-உம் 470-உம் சேர்ந்து ரூ.705 ஆகும். உரிமையாளர் 9 ரூபாய் வீதம் கேட்டால் ரூ.2,700. விகிதம் அவ்வப்போது மாறுவதால் அந்தந்தக் காலத்து பில்லையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, வீட்டுக்குத் தனி இணைப்பு உண்டா என்பது. தனி மீட்டரும் சர்வீஸ் நம்பரும் இருந்தால், அந்த எண்ணைக் கொண்டு மின்வாரிய இணையதளத்தில் பில்லைப் பார்த்து, குடியிருப்பவரே நேரடியாகக் கட்டிவிடலாம்.

சப்-மீட்டர் என்றால் கணக்கு வேறு. உரிமையாளர் 400, குடியிருப்பவர் 200 என ஒரே இணைப்பில் 600 யூனிட் ஓடியதாகக் கொள்வோம். 500-ஐத் தாண்டியதால் ரூ.2.35 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை ரூ.1,410, அடுத்த நூறுக்கு ரூ.630, கடைசி நூறுக்கு ரூ.8.40 வீதம் ரூ.840, ஆக மொத்தம் ரூ.2,880. சராசரி யூனிட்டுக்கு ரூ.4.80, குடியிருப்பவர் பங்கு ரூ.960. தனி இணைப்பு இருந்திருந்தால் அதே 200 யூனிட்டுக்கு ரூ.235-தான் வந்திருக்கும். ஆகவே சப்-மீட்டர் வீட்டில் சற்றுக் கூடுதலாக வருவது மட்டுமே ஏமாற்று ஆகாது. 10 ரூபாய் வீதம் ரூ.2,000 கேட்டால் அது பில்லுக்குப் பொருந்தாது. பொது மோட்டார், மாடிப்படி விளக்குச் செலவைச் சேர்ப்பதானால் அதைத் தனியாகக் காட்டச் சொல்லலாம்.

வித்தியாசம் தெரிந்தால், பில் நகலையும் சப்-மீட்டர் ரீடிங் படத்தையும் வைத்து முதலில் உரிமையாளரிடம் பேச வேண்டும். தனி இணைப்பு வாங்கித் தரக் கேட்பதே நிலையான தீர்வு. இசையாவிட்டால் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலோ, மின்னகத்தின் 94987 94987 எண்ணிலோ முறையிடலாம். கேள்வி கேட்டதற்காக மின்சாரத்தைத் துண்டித்தால், 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அத்தியாவசிய வசதியை நிறுத்த அந்தச் சட்டம் இடம் தரவில்லை.

எங்கே போனாலும் ஆதாரம் கேட்பார்கள். குடிவந்த நாளிலேயே மீட்டரைப் படமெடுத்து வைத்து, மின்கட்டணத்தை வாடகையோடு சேர்க்காமல் தனியாக வங்கி வழியே செலுத்துவது நல்லது.