லாபம் ஏட்டில், காசு எங்கே?

லாபம் என்பது எண்ணிப் பார்க்கும் பணம் அல்ல. ஓர் ஆண்டில் விற்ற பொருளின் மதிப்பிலிருந்து அதைச் செய்யப் பிடித்த செலவைக் கழித்து வரும் கணக்கு அது. சரக்கு வாங்குபவர் கைக்குப் போய், பில் போட்ட அன்றே விற்பனை ஏட்டில் ஏறிவிடுகிறது. பணம் மூன்று மாதம் கழித்து வந்தாலும், வராமலே போனாலும், அன்றைய விற்பனை விற்பனைதான். ஆனால் வெள்ளிக்கிழமை சம்பளத்தைப் பில்லைக் காட்டிக் கொடுக்க முடியாது. வங்கிக் கணக்கில் காசு இருக்க வேண்டும்.

இந்த இடைவெளியை அளக்கத்தான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ என்ற கணக்கு இருக்கிறது. தொழிலை நடத்தியதில் உண்மையாகக் கைக்கு வந்த ரொக்கத்திலிருந்து, இயந்திரம், கட்டடம் போன்றவற்றுக்குக் கொடுத்த ரொக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது அது. கடனை அடைக்கவும், பங்குதாரருக்கு டிவிடெண்ட் கொடுக்கவும், வறட்சிக் காலத்துக்குச் சேர்த்து வைக்கவும் இந்த மிச்சம்தான் உதவும்.

பம்ப்செட் செய்யும் ஒரு சிறிய தொழிற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பம்பின் விலை 10,000 ரூபாய். இரும்பு, செப்புக் கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் ஆகிறது; அதை அந்த மாதமே கொடுத்தாக வேண்டும். வாங்கும் வியாபாரிகள் மூன்று மாதக் கடனில் வாங்குகிறார்கள். முதல் மாதம் 100 பம்ப் விற்கிறது. சரக்கு நன்றாக இருப்பதால் மாதம் 20 பம்ப் கூடிக்கொண்டே போய், ஆறாம் மாதம் 200-ஐத் தொடுகிறது.

ஆறு மாதத்தில் மொத்தம் 900 பம்ப், 90 லட்ச ரூபாய் விற்பனை, 18 லட்ச ரூபாய் லாபம். எந்த வங்கி மேலாளரும் மெச்சும் கணக்கு. இப்போது காசுப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். 900 பம்புக்கும் செலவான 72 லட்சம் வெளியே போய்விட்டது. உள்ளே வந்ததோ முதல் மூன்று மாத விற்பனைக்கான 36 லட்சம் மட்டுமே. மீதி 54 லட்சம் வியாபாரிகளிடம் நிற்கும் பாக்கி. ஆக 18 லட்சம் லாபம் பார்த்த தொழிற்கூடத்துக்கு 36 லட்ச ரூபாய் ரொக்கம் குறைகிறது. முதலாளி சொந்தக் காசைப் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கடன் வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் முடியாதவர், ஆர்டர் கை நிறைய இருக்கும்போதே கதவைச் சாத்த நேரும்.

இங்கே யாரும் ஏமாற்றவில்லை. ஒரு வியாபாரிகூடத் தவணை தவறவில்லை. காசை விழுங்கியது வளர்ச்சிதான். ஒவ்வொரு மாதமும் மூன்று மாதத்துக்கு முந்தைய சின்ன விற்பனையின் பணம் வருகிறது. இந்த மாதத்தின் பெரிய உற்பத்திக்குப் பணம் போகிறது. இதே தொழிற்கூடம் மாதம் 200 பம்போடு நின்றுகொண்டால், ஏழாம் மாதம் வரவும் செலவும் 16 லட்சமாகச் சமமாகிவிடும். எட்டாம் மாதம் இரண்டு லட்சம், ஒன்பதாம் மாதம் முதல் நான்கு லட்சம் என்று காசு மிஞ்சத் தொடங்கும். லாபத்தில் நடக்கும் தொழிலுக்கு ஆபத்தான காலம் பெரும்பாலும் அது வேகமாக வளரும் காலமே.

இதோடு வரியும் சேர்கிறது. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர் இந்த மாதம் போட்ட பில்லுக்கான ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். வாங்கியவர் பணம் தந்தாரா என்று அரசு கேட்பதில்லை.

இயந்திரத்தின் கதை வேறு வகை. அந்தத் தொழிற்கூடம் 10 லட்ச ரூபாய்க்கு ஒரு லேத் வாங்கினால், 10 லட்சமும் அன்றே போய்விடும். லாபக் கணக்கிலோ அதன் பத்தாண்டு ஆயுளுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் தேய்மானம் என்றுதான் ஏறும். அந்த ஆறு மாதத்தில் வாங்கியிருந்தால் லாபம் 17.5 லட்சமாகச் சற்றே குறையும். ஃப்ரீ கேஷ் ஃப்ளோ 46 லட்சம் பற்றாக்குறையாக விழும்.

பெரிய அளவில் இது நடந்ததற்குப் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் டபிள்யூ.டி. கிரான்ட். 1906-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 25 சென்ட் பொருள்களை விற்கும் கடையாகத் தொடங்கியது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கான புதுக் கடைகளைத் திறந்து, மேசை நாற்காலி, குளிர்பதனப் பெட்டி போன்ற விலை கூடிய பொருள்களையும் தவணைக்கு விற்றது. கடன் அட்டை கேட்டு வருபவரின் நிலைமையைச் சரியாக விசாரிக்காமலே கொடுத்தார்கள். தவணை 36 மாதம்வரை நீண்டது. விற்ற அன்றே லாபம் ஏட்டில் ஏறியது.

கடைகளில் பெரும்பாலானவை வாடகைக் கட்டடங்கள். எனவே காசு கட்டடத்தில் முடங்கவில்லை. வாடிக்கையாளர் பாக்கியிலும் அலமாரியில் குவிந்த சரக்கிலும் முடங்கியது. 1973 ஜனவரியில் முடிந்த ஆண்டில் லாபம் சுமார் 3.8 கோடி டாலர். அந்த ஆண்டு அதன் பங்கு, லாபத்தைப் போல ஏறக்குறைய 20 மடங்கு விலைக்குக் கைமாறியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகள் பலவற்றிலும் கடை நடத்தியதில் ரொக்கம் வரவேயில்லை, போய்க்கொண்டுதான் இருந்தது. அந்தப் பள்ளத்தைக் கடன் நிரப்பியது. டிவிடெண்டும் தடையில்லாமல் போனது. உண்மையில் அது கடன் வாங்கிக் கொடுத்த டிவிடெண்ட். 1974-இல் 143 வங்கிகள் சேர்ந்து 60 கோடி டாலர் கொடுத்தும் நிறுவனம் நிமிரவில்லை. 1975 அக்டோபரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளோடு திவால் மனு போட்டது.

அன்றைய முதலீட்டாளர்கள் லாபத்தோடு தேய்மானத்தைக் கூட்டி, அதையே ரொக்க வரவாக எடுத்துக்கொண்டார்கள். அந்த எண் பல ஆண்டுகள் அழகாகவே இருந்தது, ஏனென்றால் வராத பாக்கியும் விற்காத சரக்கும் அதில் கழிபடவில்லை. 1980-இல் லார்கே, ஸ்டிக்னி என்ற இரு கணக்கியல் ஆய்வாளர்கள் அதே ஆண்டறிக்கைகளிலிருந்து ரொக்கக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். நோய் பல ஆண்டுகள் முன்பே தெரிந்தது. பணப்பாய்வு அறிக்கையை நிறுவனங்கள் தனியே தர வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1987-இல்தான் வந்தது.

இன்று இந்தியாவில் பங்குச்சந்தைப் பட்டியலில் உள்ள எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் அந்தப் பக்கம் உண்டு. தொழில் நடத்தியதில் வந்த ரொக்கத்தை நான்கைந்து ஆண்டு லாபத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஓராண்டு குறைந்தால் புதிய ஆலையோ பெரிய ஆர்டரோ காரணமாக இருக்கலாம். ஆண்டுதோறும் லாபம் ஏற, ரொக்கம் இறங்கினால், அடுத்துப் பார்க்க வேண்டியது வரவேண்டிய பாக்கி. விற்பனை 10 சதவீதம் கூடும்போது பாக்கி 40 சதவீதம் கூடினால், வாங்குபவர்கள் பணம் தரத் திணறுகிறார்கள், அல்லது விற்பனையைக் காட்டுவதற்காகக் கடனை வாரி இறைக்கிறார்கள்.

ரொக்கக் கணக்குக்கும் ஒரு கண்கட்டு உண்டு. தனக்குச் சரக்கு தந்தவர்களுக்குப் பணம் கொடுப்பதைத் தள்ளிப்போட்டால், அந்த ஆண்டு ரொக்கம் நிறைந்தாற்போலத் தெரியும். பிரிட்டனின் கட்டுமான நிறுவனம் கரிலியன் சிறு ஒப்பந்தக்காரர்களை 120 நாள்வரை காக்க வைத்தது. முன்னதாகப் பணம் வேண்டுவோர் வங்கியிடம் கழிவு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். வங்கிக்குத் திருப்ப வேண்டிய அந்தத் தொகை, கடன் என்ற தலைப்பில் காட்டப்படவில்லை. 2018 ஜனவரியில் அது சரிந்தபோது சுமார் 700 கோடி பவுண்டு பொறுப்புகளுக்கு எதிரே கையில் இருந்த ரொக்கம் 2.9 கோடி பவுண்டு. அதற்கு முந்தைய ஆண்டறிக்கை லாபத்தையே காட்டியிருந்தது.