லாபம் வந்தும் கரையும் முதல்

கையில் பத்து லட்சம் ரூபாய் இருக்கிறது. மாதம் நான்கு சதவீதம் எடுத்தால் 40,000 ரூபாய். வீட்டுச் செலவு நடந்துவிடும், வேலையை விட்டுவிடலாம். முழுநேர டிரேடிங்கில் இறங்குகிறவர்களில் பலர் போடும் கணக்கு இதுதான். மாதம் நான்கு சதவீதம் என்றால் சின்னதாகத் தெரிகிறது. ஆண்டுக்கு அது 48 சதவீதம். வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே பங்கு 1965 முதல் 2023 வரை கண்ட சராசரி ஆண்டு வளர்ச்சியே 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவுதான். சிறிய முதலை வைத்து அதைவிடக் கூடுதலாக எடுப்பது முடியாத காரியமல்ல. ஆனால் முதல் வருடத்திலிருந்தே, ஒரு வருடம்கூடத் தவறாமல் 48 சதவீதம் எடுத்தாக வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் நிபந்தனை.

செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்திருந்தார்கள். சராசரி நஷ்டம் ஆளுக்குச் சுமார் இரண்டு லட்சம் ரூபாய். செலவுகள் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரு சதவீதம்.

இவர்களில் பெரும்பாலோர் ஓய்வு நேரத்தில் கை வைத்தவர்கள், முழுநேரமாக உட்கார்ந்தால் பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு பிரேசிலில் ஒரு பதில் கிடைத்தது. 2013 முதல் 2015 வரை அங்கே குறியீட்டு ஃபியூச்சர்ஸில் புதிதாக தினசரி வணிகம் தொடங்கியவர்களை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். 300 நாட்களுக்கு மேல் விடாமல் வணிகம் செய்தவர்களை மட்டும் தனியே பார்த்தபோதும் 97 சதவீதத்தினர் நஷ்டத்தில்தான் இருந்தார்கள். அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலியைவிட அதிகம் சம்பாதித்தவர்கள் 1.1 சதவீதம். நாளாக நாளாகக் கை தேர்ந்துவிடும் என்பதற்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

இவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்து, நம் ஆள் உண்மையிலேயே திறமைசாலி என்று வைத்துக்கொள்வோம். தரகுக் கட்டணமெல்லாம் போக வருடத்துக்கு 24 சதவீதம் எடுக்கிறார். அந்தக் கட்டணமே லேசுப்பட்டதல்ல. ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய் வீதம் தினமும் எட்டு ஆர்டர், வருடத்தில் 240 நாள் என்றால் ஜிஎஸ்டியோடு 45,000 ரூபாய்க்கு மேல் போகும். அரசு வசூலிக்கும் எஸ்டிடி வரியும் எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் இதற்கு மேல். அத்தனையும் கழித்து 24 சதவீதம் என்றால் அது பெரிய சாதனை.

முதல் வருடம் 2.4 லட்சம் லாபம். வீட்டுக்கு எடுத்தது மாதம் 40,000 வீதம் 4.8 லட்சம். மிச்சம் 7.6 லட்சம். இரண்டாம் வருடமும் அதே 24 சதவீதம்தான், ஆனால் இப்போது அது 1.82 லட்சம். வீட்டுக்குக் கொடுத்தபின் 4.62 லட்சம் மிஞ்சுகிறது. மூன்றாம் வருட முடிவில் கணக்கில் இருப்பது சுமார் 93,000 ரூபாய். மூன்று வருடமும் லாபம் பார்த்தவர் அவர், ஒரு வருடம்கூடத் தோற்கவில்லை. விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டிருக்கிறார், அவ்வளவுதான். அதே திறமையோடு முதல் குறையாமல் இருக்கவே அவருக்கு 20 லட்சம் வேண்டும். விலைவாசிக்கும் கெட்ட வருடங்களுக்கும் சேர்த்தால் அதற்கும் மேல்.

சோர்வு இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. 2.4 லட்சம் லாபம் மாதம் 20,000 வீதம் சீராக வராது. நான்கு நல்ல மாதங்களில் 2.9 லட்சம் வரும், நான்கு மாதங்களில் 75,000 போகும், மீதி நான்கில் மொத்தமே 25,000 வரும். ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டும்போது நடப்பது நஷ்ட மாதமாக இருக்கலாம். முதல் பத்து லட்சமாக இருந்தபோது ஒரு டிரேடில் ஒரு சதவீதம், அதாவது 10,000 ரூபாய் வரை இழக்கத் தயாராக இருந்தார். முதல் ஆறு லட்சமாகச் சுருங்கினால் அது 6,000 ஆகச் சுருங்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு வேண்டிய 40,000 சுருங்குவதில்லை. அதனால் லாட் கூடுகிறது. ஸ்டாப் லாஸ் கொஞ்சம் தள்ளிப் போகிறது.

இந்தத் தொழிலில் இன்னொரு கொடுமையும் உண்டு. விதிப்படி நடந்த நாளில் பணம் போகலாம், விதியை மீறிய நாளில் வரலாம். எது சரி என்று மனம் கற்றுக்கொள்ள வழியே இல்லை. காலை ஆறரைக்கு கிஃப்ட் நிஃப்டி, ஒன்பதே காலிலிருந்து மூன்றரை வரை சந்தை, விட்டதைப் பிடிக்க இரவில் கமாடிட்டி, தூங்கப்போகுமுன் அமெரிக்கச் சந்தை. அலுவலகத்தில் களைத்துப்போனவருக்கு அன்றைய சம்பளமாவது வந்துவிடும். டிரேடரின் களைப்பு அன்றைக்கே பணமாகக் கழிந்துவிடும். அந்த நஷ்டம் அடுத்த நாள் களைப்பைக் கூட்டும்.

இதைக் கண்டுபிடிக்க மனநிலையைக் கேட்டுப் பயனில்லை, எல்லோரும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார்கள். தரகு நிறுவனத்தின் தளத்திலிருந்து கடைசி மூன்று மாத டிரேடுகளை இறக்கிக்கொள்ளலாம். ஒரு நஷ்டம் நடந்த கால் மணி நேரத்துக்குள் போட்ட அடுத்த டிரேடுகளை மட்டும் தனியே குறித்து, அவற்றின் லாப நஷ்டத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அவற்றில் லாட் வழக்கத்தைவிடப் பெரியதாகவும், கூட்டுத்தொகை மற்றவற்றைவிட மோசமாகவும் இருந்தால் அவர் திட்டப்படி ஆடவில்லை, பழிவாங்கப் பார்க்கிறார். மாதக் கடைசியில் லாபத்தை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூடியிருந்தால் அது வீட்டு வாடகையின் வேலை. தன் விதிக்கு அச்சாகப் பொருந்தும் வாய்ப்பு வந்தும் விரல் நகராமல் உட்கார்ந்திருந்த நாட்கள் அந்தப் பட்டியலில் தெரியாது. அதை அவரே எழுதிவைத்தால்தான் உண்டு. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே சில வாரங்கள் திரையை மூடிவைக்க வேண்டும். வீட்டுக்கான பணம் தனியாக இல்லாதவரால் அதைச் செய்ய முடியாது.

ஆகவே முதல் இரண்டு வருட வருமானத்தைப் பூஜ்யம் என்று வைத்துத் தொடங்குவதுதான் நேர்மையான கணக்கு என்பது என் கருத்து. இரண்டு வருட வீட்டுச் செலவான 9.6 லட்சம் வங்கியில் தனியே இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நம் ஆளின் பத்து லட்சம் டிரேடிங் முதலே அல்ல, வீட்டுப் பணம். வேலையில் இருந்துகொண்டே ஒரு லட்சத்தை வைத்து, வாரத்துக்கு இரண்டு மூன்று டிரேடோடு இரண்டு வருடம் பார்ப்பதற்குத்தான் அவரிடம் வசதி இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் செலவு போக லாபம் வராவிட்டால் ராஜினாமாவுக்கு அவசியமே எழாது.

அதையும் தாண்டி இறங்குகிறவர் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பத்து லட்சம் முதல் 7.5 லட்சமாகக் குறைந்தால் நிறுத்திவிட்டு வேலை தேடுவது என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். கால்வாசி போனதை மீட்கவே மீதிப் பணத்தில் 33 சதவீதம் எடுக்க வேண்டியிருக்கும். ஐந்தாகக் குறைந்துவிட்டால் நூறு சதவீதம். அந்தக் கோட்டைக் காக்கும் பொறுப்பை மனைவியிடமோ கணவரிடமோ கொடுப்பது நல்லது. மாதக் கடைசி நாளில் தரகு நிறுவனத்தின் கணக்கு அறிக்கையை அவர்தான் திறந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் டிரேட் செய்பவருக்கு எப்போதுமே இன்னும் ஒரே ஒரு மாதம் தேவைப்படும்.