வாயடைத்த செல்லும் செத்த செல்லும்

பக்கவாதம் வந்தவரின் கையைத் தூக்கி விடுகிறோம், பொத்தென்று விழுகிறது. பேசச் சொல்கிறோம், உதடு அசைகிறது, சொல் வரவில்லை. ‘மூளையில் அந்தப் பக்கம் போய்விட்டது’ என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் சில மணி நேரத்தில் அந்த முடிவு பல பேருக்குப் பொருந்தாது. கையை இயக்கும் செல்களில் ஒரு பகுதி செத்திருக்கலாம். இன்னொரு பெரும் பகுதி வேலையை மட்டும் நிறுத்திவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரத்தத்துக்காகக் காத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவை எங்கே பிரிகின்றன என்பது மூளையின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால் புரியும்.

அந்தக் கணக்கை மனிதரிடம் முதலில் சரியாக எடுத்தவர்கள் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும். 1940களில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். தன்னார்வலர்களைச் சிரிப்பூட்டும் வாயுவைக் கொஞ்சமாகச் சுவாசிக்க வைத்தார்கள். மூளைக்குள் போகும் ரத்தத்தையும், கழுத்துச் சிரை வழியே வெளியே வரும் ரத்தத்தையும் ஊசியால் எடுத்து ஒப்பிட்டார்கள். நூறு கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 மில்லி ரத்தம் ஓடுகிறது என்று தெரிந்தது. 1,400 கிராம் மூளைக்கு அது 700 மில்லி. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள உறுப்பு, நாம் சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. குளுகோஸ் நாளொன்றுக்கு 110 கிராம் அளவில் போகிறது.

மூளையைக் கசக்கி யோசித்தால் இந்தச் செலவு எகிறும் என்று நினைக்கத் தோன்றும். 1955இல் லூயி சொகொலாஃபும் கெட்டியும் இன்னும் சிலரும் சேர்ந்து, ஆட்களை மனக்கணக்குப் போடச் சொல்லி அளந்து பார்த்தார்கள். மொத்தச் செலவில் மாற்றம் தெரியவில்லை. பரீட்சை நாளில் பிள்ளைக்கு ஊட்டும் கூடுதல் இனிப்புக்கு இதைவிட நல்ல காரணம் தேட வேண்டியிருக்கும். மூளை யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே செலவில் ஓடுகிறது.

அந்தச் செலவு எதற்கு? நரம்பு செல்லின் உள்ளே பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, வெளியே நேர்மாறு. இந்த ஏற்றத்தாழ்வுதான் அதன் மின்சாரம். ஒவ்வொரு சமிக்ஞைக்கும் சவ்வின் கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. அதைத் திரும்ப வெளியேற்ற, சவ்வில் பதிந்திருக்கும் பம்புகள் ஓய்வில்லாமல் ஓட வேண்டும். ஒரு சுற்றுக்கு மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. அதற்குக் கூலி ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு ஒன்று. ஒழுகும் படகில் தண்ணீர் இறைப்பதுபோன்ற வேலை இது. இறைப்பதை நிறுத்தினால் படகு நின்றுவிடாது, மூழ்கும்.

ஏ.டி.பி.யைச் சேமித்து வைக்க இடமில்லை. அந்தந்த நேரத்தில் தயாரிக்க வேண்டும். ஒரு குளுகோஸை ஆக்சிஜனோடு முழுசாக எரித்தால் சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் வெறும் 2, கூடவே லாக்டிக் அமிலம். தசைக்கு அந்த 2 சில நேரம் போதும். அதனால்தான் கை அறுவை சிகிச்சையின்போது பட்டையால் ரத்தத்தை ஒன்றரை, இரண்டு மணி நேரம்கூட நிறுத்தி வைக்கிறார்கள், கைக்கு ஒன்றும் ஆவதில்லை. மூளைக்கு அந்த வசதி கிடையாது. கிளைக்கோஜன் இருப்பு சில நிமிடங்களுக்குக்கூடப் போதாது. கொழுப்பை அது எரிபொருளாக ஏறக்குறைய தொடுவதே இல்லை. நீண்ட பட்டினியில் கீட்டோன்களை எரிக்கக் கற்றுக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். இதயம் திடீரென நின்றால் பத்து விநாடி அளவில் நினைவு தப்புவது இதனால்தான். குளுகோஸ் தீர்ந்துவிட்டதால் அல்ல, ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதால்.

செலவுக் கணக்கில் இன்னொரு விவரம் உண்டு. பக்கவாதத்தைப் புரிந்துகொள்ள அதுதான் சாவி. மயக்க மருந்தை ஆழமாகக் கொடுத்து மூளையின் மின்னலைகள் முழுவதும் அடங்கும்படி செய்தால், அதன் ஆக்சிஜன் செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அதாவது பாதிச் செலவு செல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு. மீதி உயிரோடு இருப்பதற்கு மட்டும். பேச்சை நிறுத்தினால் செல் பாதி வருமானத்தில் கொஞ்ச நேரம் காலம் தள்ள முடியும்.

ரத்தக்குழாய் அடைபட்டால் நடப்பதும் இதுதான், படிப்படியாக. வழக்கமாக மூளை தன்னிடம் வரும் ஆக்சிஜனில் ஐந்தில் இரண்டு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. ரத்தம் குறையும்போது முதலில் அந்த மீதியையும் உறிஞ்சத் தொடங்கும். ஓட்டம் 50இலிருந்து 25 அளவுக்கு இறங்கும்வரை இப்படிச் சமாளிக்கலாம். நோயாளிக்கு ஒன்றும் தெரியாமலும் போகலாம். அதற்கும் கீழே போனால் செல்கள் பேச்சை நிறுத்துகின்றன. கை விழுகிறது, சொல் நிற்கிறது. ஆனால் பம்புகள் இன்னும் ஓடுகின்றன.

லண்டனில் லிண்ட்சே சைமனின் ஆய்வுக்கூடத்தில் 1970களில் பபூன் குரங்குகளிடம் இதை நேரடியாக அளந்தார்கள். ஓட்டம் 15 அளவுக்கு இறங்கியபோது மூளையின் மின் பதில் மறைந்தது. ஆனால் பொட்டாசியம் செல்லுக்குள்ளேயே இருந்தது. ஓட்டம் 10க்கும் கீழே போன பிறகே பொட்டாசியம் வெளியே கொட்டியது. பம்பு நின்றதற்கு அது அடையாளம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் திசுவை கிரகணத்தின் அரைநிழலுக்குரிய ‘பெனும்ப்ரா’ என்ற பெயரால் அழைத்தார்கள். பக்கவாத சிகிச்சை முழுவதும் இந்த இடைவெளிக்காக நடக்கும் போராட்டம்தான்.

பம்பு நின்ற செல்லில் என்ன ஆகிறது? சோடியமும் அதன் பின்னால் தண்ணீரும் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது. எம்.ஆர்.ஐ.யில் அந்த இடம் வெள்ளையாக ஒளிர்வது இந்த வீக்கத்தால்தான். செல் தன்னிடமிருந்த குளூட்டமேட்டை வெளியே கொட்டுகிறது. குளூட்டமேட் சாதாரணமாக ஒரு தூதுப்பொருள். அளவு மீறினால் அக்கம்பக்கத்துச் செல்களின் கால்சியக் கதவுகளைத் திறந்துவிடும். புகுந்த கால்சியம் புரதங்களை அரிக்கும் நொதிகளைக் கிளப்புகிறது, ஏ.டி.பி. தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையே சிதைக்கிறது. போதாததற்கு, செத்த மையத்திலிருந்து மின் அலைகள் கிளம்பி அரைநிழல் வழியே பரவுகின்றன. ஒவ்வொரு அலைக்குப் பின்னும் அங்குள்ள செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்ளப் பம்பை முழு வேகத்தில் ஓட்டியாக வேண்டும். வருமானமே இல்லாத நேரத்தில் வந்து சேரும் செலவு. மையம் விரிவது இப்படித்தான். இந்தச் சங்கிலியை மருந்தால் அறுக்க எத்தனையோ முயற்சிகள் நடந்தன. எலிகளிடம் ஜெயித்தவை மனிதரிடம் தோற்றன. அடைப்பை எடுத்து ரத்தத்தைத் திரும்ப ஓடவிடும் வைத்தியம்தான் நின்றது.

ஒரு மாதிரி நிலைமையை எடுத்துக்கொள்வோம். அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி; இதயத் துடிப்பு ஒழுங்கில்லை. இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி கிளம்பி மூளையின் இடது நடுத் தமனியை அடைத்துவிட்டது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. அந்தத் தமனியிலிருந்து மூளையின் ஆழத்துக்குப் போகும் நுண்குழாய்களுக்கு மாற்று வழி கிடையாது. அந்தப் பகுதி சீக்கிரமே செத்துவிடும். மேற்பரப்பின் கதை வேறு. முன்தமனியிலிருந்தும் பின்தமனியிலிருந்தும் பக்கக் குழாய்கள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் கசிந்து வருகிறது. பேச்சும் கை விரலும் அந்தக் கசிவில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

அவருடைய ரத்த அழுத்தம் 190 இருக்கிறது. பயந்துபோன வீட்டார் பிரஷர் மாத்திரை ஒன்றை வாயில் போடப் பார்க்கிறார்கள். அந்த உயர்ந்த அழுத்தம்தான் பக்கக் குழாய்களில் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைச் சட்டென்று இறக்கினால் 15இல் நின்ற ஓட்டம் 8க்குப் போகலாம். மருத்துவமனையில்கூட கட்டி கரைக்கும் ஊசி போடுவதாக இருந்தால்தான் 185/110க்குக் கீழே கொண்டுவருவார்கள். ஊசி இல்லையென்றால் பொதுவாக 220/120 வரை விட்டுவைப்பார்கள். விழுங்கும் தசையும் செயலிழந்திருக்கலாம் என்பதால் மாத்திரை நுரையீரலுக்குள் போகும் ஆபத்து தனி.

அடுத்தது சர்க்கரை. மூளை குளுகோஸுக்கு ஏங்குகிறதென்றால் குளுகோஸ் தண்ணீர் கொடுக்கலாமே என்று தோன்றும். தட்டுப்பாடு ஆக்சிஜனில். ஆக்சிஜன் இல்லாத இடத்துக்கு மேலும் குளுகோஸ் போனால் லாக்டிக் அமிலம்தான் கூடும். ஆகையால்தான் அங்கே குளுகோஸ் டிரிப் தவிர்த்து உப்புநீர் டிரிப் ஏற்றுகிறார்கள். ஆனால் விரலில் குத்தி சர்க்கரை பார்ப்பது முதல் வேலைகளில் ஒன்று. சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் ஒரு பக்கம் கை கால் விழலாம். அது குளுகோஸ் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதிகமாக இருக்கும் சர்க்கரையை இன்சுலினால் முரட்டுத்தனமாக இறக்குவதும் பயன் தரவில்லை என்று 2019இல் வெளியான ‘ஷைன்’ ஆய்வு காட்டியது.

பிறகு சி.டி. ஸ்கேன். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது வெளியில் பார்த்துச் சொல்ல முடியாதது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின்கூட விஷம். அடைப்புதான் என்று தெரிந்தால், நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். பெரிய தமனி என்றால் தொடை வழியே குழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கலாம். இதற்கு ஆறு மணி நேரம் வழக்கமான எல்லை. 2018இல் வெளியான ‘டான்’ ஆய்வுக்குப் பிறகு, ஸ்கேனில் மையம் சிறியது, காப்பாற்றக்கூடிய பகுதி பெரியது என்று தெரிந்தவர்களுக்கு அந்த எல்லை 24 மணி நேரம்வரை நீண்டிருக்கிறது. பக்கக் குழாய்கள் வலுவாக இருப்பவருக்கு அரைநிழல் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். வலுவில்லாதவருக்கு இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடலாம். பெரிய தமனி அடைப்பில் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்பது ஜெஃப்ரி சேவர் 2006இல் போட்ட கணக்கு. அது சராசரி மட்டுமே. நம் வீட்டு ஆளின் பக்கக் குழாய் எப்படிப்பட்டது என்பது ஸ்கேன் எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் 108ஐ அழையுங்கள். சிறிய கிளினிக்கில் நேரத்தை விடாமல், சி.டி. ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்கே போகக் கேளுங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யார் பார்த்தார்கள், அப்போது மணி என்ன என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த நேரத்தைத்தான்.