சின்ன ஃபைல், திக்கும் படம்

4கே கேமராவில் எடுத்த கல்யாண வீடியோ. எடிட்டிங் மென்பொருளில் ஓடவிட்டால், தாலியோடு உயர்ந்த கை அப்படியே நின்றுவிடுகிறது. நாதஸ்வரம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பலரும் முதலில் சந்தேகப்படுவது ஹார்ட் டிஸ்க்கை. ஆனால் இத்தகைய கேமரா விநாடிக்கு 100 மெகாபிட் பதிவு செய்தாலும் அது 12.5 மெகாபைட்தான். சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு அது பெரிய சுமையே இல்லை.

சிக்கல், படம் சுருக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. H.265 முறையில் எல்லா ஃப்ரேம்களும் முழுப் படமாகப் பதிவாவதில்லை. ஒரு முழுப் படம், அடுத்தடுத்து வருபவற்றில் மாறியவை மட்டும். நடுவில் உள்ள ஃப்ரேம் ஒன்றைக் காட்ட, கணினி பின்னால் போய் முழுப் படத்தை எடுத்து, அங்கிருந்து கணக்கிட்டுக்கொண்டே வரவேண்டும். ஒரு ஃப்ரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 40 மில்லி விநாடி. வரிசையாக ஓடும்போது சமாளித்துவிடும். எடிட்டரோ வெட்டுவார், தாவுவார், பின்னோக்கி இழுப்பார். படம் 10-பிட் 4:2:2 என்றால் பல கிராஃபிக்ஸ் கார்டுகளால் அதைப் பிரிக்க முடியாது. வேலை முழுவதும் சிபியு தலையில் விழும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்: டிஸ்க் சும்மா இருக்கும், சிபியு 100 சதவீதத்தைத் தொடும். பிளேபேக் தரத்தைப் பாதியாக்கினாலும் பெரிதாகப் பலன் இராது. முழு ஃப்ரேமையும் பிரித்த பிறகுதானே சிறிதாக்க முடியும்?

இதற்குத் தீர்வு ப்ராக்ஸி. அதே காட்சியை 1920x1080 அளவில், ProRes 422 Proxy வடிவில் நகலெடுத்துக்கொள்வது. பிக்சல்கள் கால் பங்காகின்றன. அதைவிட முக்கியம், இதில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும் முழுப் படம். பின்னால் போய்த் தேட வேண்டியதில்லை. ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறக்குறைய 17 ஜிபி இடம் பிடிக்கும். இடத்தை மிச்சப்படுத்த ப்ராக்ஸியையும் H.264-ல் செய்தால் அந்தப் பழைய சங்கிலி திரும்ப வந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஃபிலிம் காலத்தில் எடிட்டர் நெகட்டிவைத் தொடாமல் ரஷ் பிரிண்ட்டை வெட்டுவார். பிறகு விளிம்பு எண்களைப் பார்த்து நெகட்டிவை வெட்டுவார்கள். இங்கே அந்த எண்களின் இடத்தில் ஃபைல் பெயரும் டைம்கோடும் இருக்கின்றன. பிரீமியரில் Create Proxies கொடுத்தால் நகல் தயாராகி மூலத்தோடு இணைந்துவிடும். Toggle Proxies பொத்தானால் இரண்டுக்கும் இடையே மாறலாம். எக்ஸ்போர்ட்டில் Use Proxies-ஐத் தேர்வு செய்யாதவரை, இறுதிப் படம் மூலத்திலிருந்தே உருவாகும். வேறு மென்பொருளில் செய்த நகலை இணைப்பதாக இருந்தால் ஃப்ரேம் ரேட்டும் ஆடியோ சேனல்களின் எண்ணிக்கையும் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பில் தகராறு வரும்.

நிறம் திருத்தும்போது ப்ராக்ஸியை அணைத்துவிடுங்கள். ஃபோகஸ் மணமகளின் கண்ணில் இருக்கிறதா, பின்னால் நிற்கும் தோழியின் மேல் விழுந்துவிட்டதா என்பதையும் மூலத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.