பாஸ்புக்கில் ஒரு வருட வட்டியைக் காணோமா?

பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் நம் கண் நேராகக் கடைசித் தொகைக்குத்தான் போகும். போன முறை பார்த்ததைவிடக் கூடியிருந்தால் நிம்மதியாக மூடிவிடுவோம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணம் சேர்ந்துகொண்டே இருப்பதால் அந்தத் தொகை எப்படியும் கூடித்தான் இருக்கும். நடுவில் ஒரு வருடத்து வட்டி விழாமல் போனது இப்படிப் பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. வேலையை விட்டுப் பணம் எடுக்க மனுப்போடும் நாளில், கணக்குப் போட்டுப் பார்த்த மகனோ மருமகளோ சொல்லித்தான் தெரியவரும்.

வட்டி எப்போது விழும் என்பதிலிருந்து தொடங்கலாம். பி.எஃப். வட்டி மாதாமாதம் கணக்கிடப்பட்டாலும், கணக்கில் சேர்வது வருடத்துக்கு ஒரு முறைதான். வட்டி விகிதத்தை வைப்பு நிதி நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு பரிந்துரைக்கும். நிதி அமைச்சகம் ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகுதான் கோடிக்கணக்கான கணக்குகளில் வட்டி ஏற்றும் வேலை ஆரம்பமாகும். ஆகவே மார்ச் 31-ல் முடிந்த வருடத்தின் வட்டி அந்த ஏப்ரலில் பாஸ்புக்கில் இல்லை என்றால் அதில் தப்பு எதுவும் இல்லை. சில மாதங்கள் கழித்து வரும். வரும்போது மார்ச் 31 தேதியிட்டே வரும்.

இந்தத் தாமதம் பெரிய பேச்சானது 2021-22 வட்டியில்தான். அந்த வருடத்துக்கு 8.1 சதவீதம் என்று 2022 மார்ச்சில் குழு பரிந்துரைத்தது, ஜூனில் ஒப்புதலும் வந்தது. அக்டோபர் வந்தும் பலருடைய பாஸ்புக்கில் வட்டியைக் காணோம். யாருக்கும் வட்டி நஷ்டமில்லை, வரிவிதி மாறியதால் மென்பொருளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் தெரியவில்லை என்று நிதி அமைச்சகம் விளக்கம் சொன்னது. தொழிலாளியின் பங்கு வருடத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி உண்டு என்ற விதி 2021 ஏப்ரலில் வந்திருந்தது. அதற்காகக் கணக்கை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பின்னர் வட்டி ஏறியது. ஆனால் அதற்குப் பிந்திய வருடங்களின் வட்டியெல்லாம் ஒழுங்காக இருக்க, ஒரு வருடம் மட்டும் வெற்றிடமாக நிற்கிறது என்றால் அதைத் தாமதம் என்று விட்டுவிட முடியாது.

அப்படி ஒரு வெற்றிடம் தெரிந்தால் உடனே புகார் எழுத உட்கார வேண்டாம். வட்டி சேராமல் போனதா, சேர்ந்தும் அந்த வரி மட்டும் தெரியவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். பாஸ்புக் என்பது அலுவலகத்தின் கணக்கேட்டைக் காட்டும் திரை, அவ்வளவுதான். ஏட்டில் சரியாக இருந்து திரையில் பிசகுவதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. ஒவ்வொரு வருடத்தின் பக்கமும் `OB Int. Updated upto` என்று ஒரு வரியோடு தொடங்கும். முந்தைய வருட வட்டியையும் சேர்த்து இந்த வருடம் எந்தத் தொகையோடு தொடங்குகிறது என்பதைச் சொல்லும் வரி அது. வட்டி காணாமல் போன வருடத்தை விட்டுவிட்டு, அடுத்த வருடத்தின் இந்த வரியைப் பாருங்கள்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை செய்யும் பெண், சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் அவர் பங்கு 1,800 ரூபாய். ஆலை தரும் 1,800-ல் 1,250 பென்ஷனுக்குப் போய்விடும், மீதி 550 பி.எஃப்.பில் சேரும். பென்ஷன் பத்தியில் உள்ள தொகைக்கு வட்டி கிடையாது. அந்தப் பத்தியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு வட்டி குறைகிறது என்று சண்டைக்குப் போகிறவர்கள் நிறைய. ஆக, வட்டிக்குரிய தொகை மாதம் 2,350.

2021 ஏப்ரல் 1 அன்று அவர் கணக்கில் தன் பங்கு 1,50,000, ஆலைப் பங்கு 50,000, மொத்தம் இரண்டு லட்சம் இருந்தது. 8.1 சதவீதத்தில் இதற்கு ஒரு வருட வட்டி 16,200. மாதாமாதம் சேரும் பணத்துக்கு, அது கணக்கில் சேர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் வட்டி. ஏப்ரலில் சேர்ந்த 2,350-க்குப் பதினொரு மாத வட்டி, மே மாதத்தில் சேர்ந்ததற்குப் பத்து, இப்படியே குறைந்து மார்ச்சில் சேர்ந்ததற்கு ஒன்றுமில்லை. பதினொன்றிலிருந்து ஒன்று வரை கூட்டினால் 66. 2,350-ஐ 66-ஆல் பெருக்கி, வருவதை 8.1-ஆல் பெருக்கி, 1,200-ஆல் வகுத்தால் 1,047 ரூபாய். இரண்டையும் சேர்த்தால் அந்த வருட வட்டி 17,247.

இருந்தது இரண்டு லட்சம், பன்னிரண்டு மாதத்தில் சேர்ந்தது 28,200, வட்டி 17,247. அப்படியானால் அடுத்த வருடம் 2,45,447 ரூபாயோடு தொடங்க வேண்டும். அந்தத் தொகையே இருந்தால் பணம் பத்திரம்; விடுபட்டது காட்சிதான். 2,28,200 என்று இருந்தால் வட்டி சேரவே இல்லை. ஐந்து பத்து ரூபாய் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம், பைசாவை முழு ரூபாயாக்குவதில் அது வரும்.

இன்னும் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். அந்த வருடம் வேலை மாறியிருந்தால், பழைய நிறுவனத்துக் கணக்கில் பணம் இருந்த மாதங்களின் வட்டியைப் பழைய அலுவலகம்தான் போட்டு, மாற்றும் தொகையோடு சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். புதிய கணக்கில் மட்டும் தேடினால் கிடைக்காது. இரண்டு பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து போன தொகையும் இங்கே வந்த தொகையும் ஒன்றுதானா, எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். உறுப்பினர் எண்ணின் முதல் ஐந்து எழுத்தே எந்த அலுவலகம் என்று சொல்லிவிடும். `TNMAS` என்றால் சென்னை, `CBCBE` கோவை, `MDMDU` மதுரை. சில பெரிய நிறுவனங்கள் தாங்களே அறக்கட்டளை வைத்து பி.எஃப். நடத்துகின்றன. அங்கே வேலை செய்தவர் அந்த அறக்கட்டளையிடம்தான் கேட்க வேண்டும்.

வட்டி சேரவில்லை என்று உறுதியான பிறகு கேட்கும் விதத்துக்கு வருவோம். "எனக்கு வட்டி வரவில்லை, ஆவன செய்யவும்" என்று எழுதினால் "நடவடிக்கையில் உள்ளது, விரைவில் தெரியும், நஷ்டம் ஏற்படாது" என்று ஒரே பதில்தான் வரும். எழுதியவர் எந்த வருடம், எந்தக் கணக்கு, எவ்வளவு என்று எதையும் சொல்லாதபோது அலுவலகத்துக்கு அந்தப் பதில் வசதி. எண்களோடு கேட்டால் எண்களோடுதான் பதில் சொல்ல வேண்டிவரும். அந்த நூற்பாலைப் பெண் இப்படி எழுதலாம்:

"மண்டல வருங்கால வைப்பு நிதி ஆணையர் அவர்களுக்கு. ஐயா, என் யு.ஏ.என். இது, உறுப்பினர் எண் இது. 2021-22 நிதியாண்டுக்கான வட்டி என் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. 01.04.2021 அன்று இருப்பு ரூ.2,00,000. அந்த ஆண்டில் சேர்ந்த சந்தா ரூ.28,200. பணம் எதுவும் எடுக்கவில்லை. ஆனால் 01.04.2022 அன்று ஆரம்ப இருப்பு ரூ.2,28,200 என்றே உள்ளது. 8.1 சதவீதப்படி என் பங்குக்கு ரூ.12,952, நிறுவனப் பங்குக்கு ரூ.4,295, ஆக ரூ.17,247 வட்டி சேர வேண்டும். இது விடுபட்ட காரணத்தைத் தெரிவித்து, அந்த வட்டியை 31.03.2022 தேதியிட்டு வரவு வைத்து, பிந்திய ஆண்டுகளின் வட்டியையும் திருத்திக் கணக்கிட்டு, பாஸ்புக்கைச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தில் உள்ள 'பிந்திய ஆண்டுகளின் வட்டியையும்' என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். வட்டிக்கு வட்டி உண்டு. விடுபட்ட 17,247 ரூபாய் உரிய நேரத்தில் சேர்ந்திருந்தால் 2022-23-ல் 8.15 சதவீதமும், அடுத்த இரண்டு வருடமும் 8.25 சதவீதமும் வாங்கி, 2025 மார்ச் 31-ல் 21,857 ரூபாயாகியிருக்கும்.

இந்தக் கடிதத்தை `epfigms.gov.in` தளத்தில் புகாராகப் பதியலாம். யு.ஏ.என். எண்ணோடு இணைத்த கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். பல உறுப்பினர் எண்கள் இருந்தால் எந்தக் கணக்கில் குறையோ அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு எண்ணைத் தேர்ந்தெடுத்தால் புகார் வேறு ஊர் அலுவலகத்துக்குப் போய், "எங்கள் எல்லையில் இல்லை" என்று மூடப்படும். குறையுள்ள வருடம், அதற்கு அடுத்த வருடம் இரண்டின் பாஸ்புக் பக்கங்களையும் இணையுங்கள். பதிவு எண் குறுஞ்செய்தியாக வரும், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்புக்கைத் திருத்தச் சொன்னதும் கம்பெனி ஹெச்.ஆர். பலர் "ஜாயின்ட் டிக்ளரேஷன் போடுங்கள்" என்பார்கள். அது பெயர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி போன்றவற்றைத் திருத்துவதற்கான படிவம். வட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வட்டி போடுவது வைப்பு நிதி அலுவலகத்தின் வேலை, அதற்கு முதலாளியின் கையெழுத்து தேவையில்லை. மாதச் சந்தாவே சில மாதங்கள் சேராமல் இருந்தால் கதை வேறு. அது ஆலை பணம் கட்டாத விவகாரம், தனிப் புகாராக எழுத வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போடுவார்கள்.

பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்லிப் புகாரை மூடிவிட்டால், அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி பதியுங்கள். மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் நடக்கும் 'நிதி ஆப்கே நிகட்' முகாமுக்குக் காகிதங்களோடு நேரில் போவது இன்னும் நல்லது. அன்று விடுமுறையென்றால் அடுத்த வேலைநாளில் நடக்கும். அதற்கும் அசையாவிட்டால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி அந்த வருடத்துக்கான உங்கள் ஆண்டுக் கணக்கின் நகலைக் கேளுங்கள். வட்டி ஏன் வரவில்லை என்று அதில் கேட்க வேண்டாம், காரணம் கேட்டால் நழுவ இடமுண்டு. ஆவணத்தின் நகலைக் கேட்டால், வட்டிப் பத்தி காலியாக இருக்கும் ஏடு உங்கள் கைக்கே வந்துவிடும்.

பணத்தை எல்லாம் எடுத்துக் கணக்கை முடித்துவிட்டவரும் விடுபட்ட வட்டியைக் கேட்கலாம். அவர் கடிதத்தில் பாஸ்புக் திருத்தத்துக்குப் பதிலாக, வித்தியாச வட்டியை வங்கிக் கணக்குக்கு அனுப்பும்படி எழுத வேண்டும்.

திருத்தியாயிற்று என்று பதில் வந்தவுடன் பாஸ்புக்கைப் புதிதாக இறக்கி, 2022 ஏப்ரல் தொடங்கி ஒவ்வொரு வருடத்தின் ஆரம்ப இருப்பும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் பழைய பக்கங்கள் அப்படியே நிற்க, திருத்தத் தொகை நடப்பு வருடத்தில் ஒரே வரியாக விழும். நம் உதாரணத்தில் அப்படி விழுந்த தொகை வெறும் 17,247 என்றால், 2025 மார்ச் கணக்குப்படி இன்னும் 4,610 ரூபாய் வர வேண்டியிருக்கிறது. பழைய பதிவு எண்ணைப் போட்டு, அந்தத் தொகையை மட்டும் கேட்டு மறுபடி எழுத வேண்டும்.