பொதுப் பட்டியல் இருந்தால் கூட்டாட்சியா?

‘ஒற்றையாட்சி, கூட்டாட்சி முறைகளை ஒப்பிடுக. கீழ்க்காணும் அதிகாரப் பகிர்வு அட்டவணையைப் பூர்த்தி செய்க.’ பள்ளித் தேர்விலும் போட்டித் தேர்விலும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். முதல் பாதிக்கு விடை பலருக்கும் மனப்பாடம். ஒற்றையாட்சியில் ஒரே அரசு, கூட்டாட்சியில் இரண்டு நிலை அரசுகள். முன்னதற்கு இங்கிலாந்து, பின்னதற்கு அமெரிக்கா.

மதிப்பெண் நழுவுவது அட்டவணையில்தான். மத்திக்கு மட்டும் உரியது, மாநிலத்துக்கு மட்டும் உரியது, இருவருக்கும் பொதுவானது என்று மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தை நிரப்பியதும், ‘அதிகாரம் பகிரப்பட்டுள்ளதால் இது கூட்டாட்சி’ என்று முடித்துவிடுகிறார்கள் பலர். இந்த முடிவு ஏன் தவறு என்பது, இந்தியாவையும் இலங்கையையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

| கேள்வி | இந்தியா | இலங்கை |
|---|---|---|
| பாதுகாப்பு | ஒன்றியப் பட்டியல் | ஒதுக்கிய நிரல் |
| காவல்துறை | மாநிலப் பட்டியல் | மாகாண சபை நிரல் |
| உயர்கல்வி | பெரும்பாலும் பொதுப் பட்டியல் | ஒருங்கிய நிரல் |
| பட்டியலில் இல்லாதவை | நாடாளுமன்றம் | பாராளுமன்றம் |
| இரு சட்டங்கள் மோதினால் | மத்தியச் சட்டம் (ஒரு விதிவிலக்கு உண்டு) | பாராளுமன்றச் சட்டம் |
| பட்டியலை மாற்ற | பாதி மாநிலங்களின் ஒப்புதலும் தேவை | பாராளுமன்றமே போதும் |

மேலே உள்ள நான்கு வரிசைகளை மட்டும் பார்ப்பவர் இரண்டும் ஒரே வகை என்றே சொல்வார். இந்திய அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் இலங்கை அரசியலமைப்பில் சேர்த்த ஒன்பதாவது அட்டவணையிலும் மூன்று நிரல்கள். ஆனால் அதே இலங்கை அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை, நாடு ஒற்றையாட்சி அரசு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மாகாண சபைகள் வந்தபோதே இந்த முரண் உயர் நீதிமன்றத்தின் முன் போனது. ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு பிளவுபட்டது. மாகாண சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவை, ஆகவே ஒற்றையாட்சி குலையவில்லை என்ற கருத்தே கடைசியில் நிலைத்தது.

ஆக, வேறுபாடு கடைசி இரண்டு வரிசைகளில் இருக்கிறது.

முதலில் மோதலை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் பொதுப் பட்டியலில் உள்ள ஒரு பொருள் குறித்து மத்தியும் மாநிலமும் சட்டம் செய்து, இரண்டும் முரண்பட்டால் மத்தியச் சட்டமே செல்லும் என்கிறது 254ஆம் பிரிவு. அதன் இரண்டாம் உட்பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. மாநில மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே செல்லும். நாடாளுமன்றம் நினைத்தால் பிறகு அதையும் வேறொரு சட்டத்தால் மாற்றலாம்.

இந்த வாசல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஜல்லிக்கட்டு கண்முன் இருக்கும் சான்று. விலங்கு வதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் 17ஆம் பதிவு. அது பற்றிய மத்தியச் சட்டம் 1960இலிருந்து இருக்கிறது. அதன் அடிப்படையில் 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் திரண்ட பிறகு, அந்த மத்தியச் சட்டத்தைத் தமிழ்நாட்டு அளவில் திருத்தும் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது.

அதே வாசலில் நீட் விலக்கு மசோதா நுழைய முடியவில்லை. 2021இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் அது மறுபடி நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். இரண்டுமே பொதுப் பட்டியலைத் தொட்டவைதான். ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது, மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை. பொதுக் கட்டம் என்றால் சரிபாதி உரிமை என்று எழுதுவது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இலங்கையில் இந்த வாசலும் இல்லை. ஒருங்கிய நிரலில் உள்ள பொருள்கள் பற்றி மாகாண சபை நியதிச் சட்டம் ஆக்கலாம். அது பாராளுமன்றச் சட்டத்தோடு முரண்பட்டால் பாராளுமன்றச் சட்டமே மேலோங்கும்.

கடைசி வரிசை இன்னும் கூர்மையானது. இந்தியாவில் ஏழாவது அட்டவணையைத் திருத்த நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மை மட்டும் போதாது. குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களும் இசைய வேண்டும் என்கிறது 368ஆம் பிரிவு. இலங்கையிலோ அரசியலமைப்பின் மாகாண சபை அத்தியாயத்தையும் நிரல்களையும் மாற்றும் சட்டமூலம் மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்பப்படும். அவை மறுத்தாலும், மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு பாராளுமன்றம் தானே நிறைவேற்றிக்கொள்ளலாம். ஓரிடத்தில் கீழ்நிலை அரசுகளின் ஓட்டுக்கு எடை உண்டு, மற்ற இடத்தில் கருத்துக் கேட்பதோடு சரி. பிரிட்டனும் இதே வகைதான். வட அயர்லாந்தின் ஸ்டோர்மண்ட் நாடாளுமன்றத்தை 1972இல் இடைநிறுத்தி, மறு ஆண்டு அதை ஒழித்தது லண்டன்.

நல்ல விடைக்கு இதன் மறுபக்கமும் வேண்டும். கல்வி ஒருகாலத்தில் மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் வந்த 42ஆம் திருத்தம் அதையும் காடு, எடை அளவு உள்ளிட்ட வேறு நான்கு பொருள்களையும் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. மாநிலங்களின் ஒப்புதல் என்ற நிபந்தனை அப்போதும் நடைமுறையில் இருந்தது, அது நிறைவேறவும் செய்தது. ஆனால் அந்த ஆண்டு ஜனவரி 31 அன்றே தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டு குடியரசுத் தலைவர் ஆட்சி வந்துவிட்டதால், கருத்துச் சொல்ல இங்கே சட்டமன்றமே இல்லை. மாநில எல்லைகளின் விஷயத்திலும் அப்படித்தான். 3ஆம் பிரிவின்படி மாநிலத்தின் கருத்து கேட்கப்படும், இசைவு தேவையில்லை. இந்திய அரசமைப்பில் ‘கூட்டாட்சி’ என்ற சொல் இல்லை. முதல் பிரிவு ‘மாநிலங்களின் ஒன்றியம்’ என்றுதான் சொல்கிறது. கூட்டாட்சி அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று என்று 1994இல் பொம்மை வழக்கில் சொன்னது உச்ச நீதிமன்றம். இந்தியாவை ‘மையம் நோக்கிச் சாய்ந்த கூட்டாட்சி’ என்று எழுதுவதற்கு இவ்வளவும் காரணம்.

இந்தக் கேள்வியை எழுதப்போகும் மாணவர் இரண்டு காரியம் செய்தால் போதும். அட்டவணையில் மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, ‘முரண்பட்டால் எது செல்லும்?’, ‘பட்டியலை யார் மாற்றலாம்?’ என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுத வேண்டும். பிறகு கட்டுரையை வரையறையில் தொடங்காமல், ‘இந்தியாவிலும் இலங்கையிலும் பொதுப் பட்டியல் உண்டு, எனினும் முன்னது கூட்டாட்சி, பின்னது ஒற்றையாட்சி’ என்ற வாக்கியத்தில் தொடங்கலாம். அடுத்த பத்தியில் 254, 368 ஆகிய இரு பிரிவுகளையும் ஜல்லிக்கட்டு வழக்கையும் வைத்தால், எட்டு வேறுபாடுகளை வரிசையாக அடுக்குவதைவிட விடை வலுவாக நிற்கும்.